ஒரே மாதத்தில் கடன் தவணை இரண்டு தடவை வெட்டுப்பட்டால்

உப்புவெளி_தாதி: என் சம்பளக் கணக்கும் லோனும் ஒரே வங்கியில்தான். ஓகஸ்டில் கணக்கைத் திருகோணமலைக் கிளைக்கு மாற்றி, புதிதாக ஸ்டாண்டிங் ஓடர் படிவமும் நிரப்பிக் கொடுத்தேன். செப்டெம்பர் 25ஆம் திகதி 31,640 ரூபா போனது. 26ஆம் திகதி இன்னொரு 31,640 போனது. மாதக் காப்புறுதிக் கட்டணத்துக்குக் காசு போதாமல் அதுவும் திரும்பிவிட்டது, அதற்கும் ஒரு தண்டம் பிடித்திருக்கிறார்கள். இரண்டாவது வெட்டை எப்படித் திருப்பி எடுப்பது?

நிலாவெளியான்: தங்கச்சி, இதற்குப் போய் அலைய வேண்டாம். காசு எங்கும் ஓடிவிடவில்லை, உங்கள் லோன் கணக்குக்குள்தான் இருக்கும். ஒக்டோபர் தவணைக்கு அதுவே சரியாகிவிடும். ஒரு மாதம் முன்னுக்குக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

மூதூர்_மீரான்: என்ன அண்ணே இப்படிச் சொல்றீங்க? இது அவங்க பிழை. நேரே மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்கு அடித்து முறைப்பாடு வையுங்கள். அடுத்த மாதம் சம்பளம் விழுந்த உடனே ஏடிஎம்மில் முழுக் காசையும் எடுத்துவிடுங்கள். வெட்ட ஒன்றும் இல்லாவிட்டால் தானாக ஓடி வருவார்கள்.

பழைய_லோன்மேசை: இரண்டு பேர் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. நான் இந்த வேலையில் இருந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லுங்கள். கணக்குக் கூற்றில் அந்த இரண்டு வரிகளுக்கும் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? இரண்டும் ஒரே மாதிரியா, வேறு வேறா?

உப்புவெளி_தாதி: வேறு வேறு அண்ணா. 25இல் `LOAN RECOVERY` என்று இருக்கிறது. 26இல் `STANDING ORDER`.

பழைய_லோன்மேசை: அப்படியானால் விஷயம் தெளிவு. கணக்கை மாற்றும்போது லோன் பகுதியில் உங்கள் புதிய கணக்கு இலக்கத்தைக் கொடுத்து, தவணை நாளில் தானாக எடுக்கும்படி இணைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் நீங்கள் ஸ்டாண்டிங் ஓடரும் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு வழியும் திறந்து கிடக்கிறது. ஸ்டாண்டிங் ஓடருக்குத் தவணை கட்டியாயிற்றா இல்லையா என்பது தெரியாது. திகதி வந்தால் தொகையைத் தள்ளிவிடும்.

நிலாவெளியான் சொல்வதில் பாதி சரி. காசு லோன் கணக்கில்தான் இருக்கும். ஆனால் ஒக்டோபரில் என்ன நடக்கும் என்று பாருங்கள். 25ஆம் திகதி தவணையை அந்த மேலதிகக் காசிலிருந்து ஈடுகட்டுவார்கள், வெட்டு இருக்காது. 26ஆம் திகதி ஸ்டாண்டிங் ஓடர் மறுபடி 31,640ஐக் கொண்டுபோய்ப் போடும். நவம்பரிலும் அதே கதை. மாதம் ஒரு வெட்டுத்தான் கண்ணில் படும், எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் உங்கள் ஒரு மாதத் தவணை கடன் முடியும்வரை அவர்களிடமே நிற்கும். அதைப் பெரும்பாலும் முற்பணமாகத்தான் வைத்திருப்பார்கள், கடனின் முதல் தொகையிலிருந்து கழிக்க மாட்டார்கள். அதனால் வட்டியும் குறையாது.

நிலாவெளியான்: அதை முதல் தொகையிலிருந்து கழிக்கச் சொல்லிக் கேட்டால் போச்சு. இலாபம்தானே?

பழைய_லோன்மேசை: கேட்கலாம், எழுத்தில் கொடுக்க வேண்டும். கையில் காசு தேவையில்லாதவருக்கு அது நல்ல வழிதான். இங்கே காப்புறுதிக் கட்டணம் திரும்பியிருக்கிறது. அந்தக் காசு இந்த மாதச் செலவுக்கு வேண்டியது.

கிண்ணியா_ரீச்சர்: எனக்கும் இதே செப்டெம்பரில்தான்! 1ஆம் திகதி ஒன்று, 30ஆம் திகதி ஒன்று. வங்கியில் கேட்டால் பிழையே இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஆகவே அவர்கள் தர மாட்டார்கள் தங்கச்சி, வீணாக அலையாதீங்க.

பழைய_லோன்மேசை: ரீச்சர், உங்கள் தவணை நாள் 30தானே? 2025 ஓகஸ்ட் 30 சனிக்கிழமை, 31 ஞாயிறு. ஓகஸ்ட் தவணையை செப்டெம்பர் 1, திங்கள் எடுத்தார்கள். செப்டெம்பர் தவணை 30இல் போனது. ஓகஸ்டுக் கூற்றை எடுத்துப் பாருங்கள், அந்த மாதத்தில் வெட்டே இருக்காது. அது இரட்டை வெட்டு அல்ல. தங்கச்சிக்கு ஓகஸ்டுத் தவணை ஓகஸ்டிலேயே போயிருந்தால் இரண்டும் வேறு கதை.

உப்புவெளி_தாதி: ஓம், ஓகஸ்ட் 25இல் பழைய கிளைக் கணக்கிலிருந்து போயிருக்கிறது.

கிண்ணியா_ரீச்சர்: பார்த்தேன். ஓகஸ்டில் ஒன்றும் இல்லைதான். ஆனால் கவுண்டரில் இதை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாமே.

சென்னை_மாமா: எங்கள் பக்கம் ரிசர்வ் வங்கி 2019இலேயே விதி போட்டுவிட்டது. குறித்த நாளுக்குள் திருப்பாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அதைக் காட்டிக் கேளுங்கள்.

பழைய_லோன்மேசை: ஐயா, அது இந்திய வங்கிகளுக்குப் போட்ட விதி. அதிலும் தோற்றுப்போன பரிவர்த்தனைகளுக்கு. இங்கே கவுண்டரில் அதைச் சொன்னால் கடிதத்தையே தூக்கிப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். தங்கச்சியின் இரண்டு வெட்டும் வெற்றியாகப் போனவை.

மீரான் தம்பிக்கு: சம்பளத்தை முன்கூட்டி எடுத்துவிட்டால், மேலதிகக் காசை அதற்குள் அவர்கள் வேறு கணக்கில் ஒதுக்கியிருந்தால் 25ஆம் திகதித் தவணை நிலுவையாகிவிடும். தண்ட வட்டி வரும், கடன் வரலாற்றைக் காட்டும் கிரிப் அறிக்கையிலும் ஏறும். வங்கியின் பிழைக்கு இவருடைய பெயர் கெடும். 1935ஐ மறுக்கவில்லை. ஆனால் அங்கே முதல் கேள்வியே வங்கிக்கு எழுத்தில் கொடுத்தீர்களா, என்ன பதில் வந்தது என்பதுதான்.

மூதூர்_மீரான்: எழுதிக் கொடுத்தால் லாச்சியில் போட்டுவிடுவாங்க. பார்த்திருக்கிறேன்.

பழைய_லோன்மேசை: போடுவார்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்காவிட்டால். தங்கச்சி, முதலில் லோன் கணக்கின் கூற்றைக் கேட்டு வாங்குங்கள், சேமிப்புக் கணக்குக் கூற்று மட்டும் போதாது. லோன் கூற்றில் இரண்டு வரவும் இருந்தால் அங்கிருந்து எடுத்துத்தான் திருப்ப வேண்டும். ஒன்றுதான் இருந்தால் மற்றது வங்கியின் இடைக்கணக்கில் நிற்கிறது, அதை வங்கியே தேடிப் பிடிக்க வேண்டும்.

பிறகு கிளை முகாமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம். இரண்டு கணக்கு இலக்கங்கள், இரண்டு திகதிகள், கூற்றில் உள்ள குறிப்பிலக்கங்கள். 26ஆம் திகதி வெட்டைத் திருப்பும்போது செப்டெம்பர் 26ஆம் திகதியிட்டே வரவு வைக்கச் சொல்லுங்கள். இன்றைய திகதியில் வைத்தால் கணக்கு அன்று குறைந்துதான் கிடந்தது என்று ஆகிவிடும், காப்புறுதித் தண்டத்தைக் கேட்க உங்களுக்குப் பிடிமானம் இருக்காது. அந்தத் தண்டத்தையும் அதே கடிதத்தில் தொகையோடு எழுதுங்கள். கடைசியாக, ஸ்டாண்டிங் ஓடரை நிறுத்தும்படி கேளுங்கள். தானாக எடுக்கும் இணைப்பு இருக்கட்டும், அது பாக்கி பார்த்து எடுக்கும். இரண்டையும் நிறுத்திவிடாதீர்கள்.

நிலாவெளியான்: காப்புறுதித் தண்டத்தை வங்கி தரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. படிவத்தில் கையெழுத்து வைத்தது இவர்தானே.

பழைய_லோன்மேசை: அதைத்தான் அவர்களும் சொல்வார்கள். இணைப்பு ஏற்கெனவே இருக்கும்போது படிவத்தை நீட்டியது யார் என்று நான் கேட்பேன். தருவார்களா என்பது முகாமையாளரைப் பொறுத்தது. 31,640ஐ மறுக்க அவர்களுக்கு வழியில்லை.

உப்புவெளி_தாதி: லோன் கூற்று வாங்கிவிட்டேன். இரண்டு வரவும் இருக்கிறது. கடிதம் கொடுத்து முத்திரையும் வாங்கினேன். ஸ்டாண்டிங் ஓடரை அங்கேயே நிறுத்தினார்கள். காசைத் திருப்பத் தலைமையகத்தின் அனுமதி வேண்டுமாம். தண்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பழைய_லோன்மேசை: முறைப்பாட்டு இலக்கம் ஒன்று கேட்டு வாங்குங்கள். 25ஆம் திகதிக்கு முன் காசு திரும்பாவிட்டால், ஒக்டோபர் தவணைக்கு அதை ஈடுகட்ட வேண்டாம் என்று இன்னொரு வரி எழுதிக் கொடுங்கள். ஈடுகட்டிவிட்டால் திருப்ப ஒன்றும் மிச்சமில்லை என்று கோப்பை மூடிவிடுவார்கள், தண்டமும் அதோடு போகும்.

மூதூர்_மீரான்: 25 வரைக்கும் பார்க்கலாம். அதற்குப் பிறகு 1935தான், அதில் மாற்றமில்லை.