பவானி ஆறா, வானி ஆறா?

கூடுதுறைக்காரன்: எங்க ஊர் பவானி. ஆத்துக்குப் பேரு அம்மன் பேருல இருந்து வந்ததுன்னுதான் அப்பிச்சி சொல்லுவாரு. பழைய பேரு வேறன்னு ஒருத்தர் சொல்றாரு. எது சரிங்க?

ஏட்டுக்கட்டு: பழைய பேர் வானி. பதிற்றுப்பத்து 86ஆம் பாட்டில் பெருங்குன்றூர் கிழார், இளஞ்சேரல் இரும்பொறையைப் பற்றி, "சாந்துவரு வானி நீரினும் தீந்தண் சாயலன்" என்கிறார். சந்தனத்தை அடித்துக்கொண்டு வரும் ஆற்றின் நீரை விடவும் இனியவன், குளிர்ந்தவன். சந்தனம் மலையில் விளைவது. பாடப்பட்டவனோ கொங்கில் கருவூர்ப் பக்கம் ஆண்ட பொறையர் வழிச் சேரன். மலையிலிருந்து இறங்கி அந்த நாட்டுக்குள் வரும் ஆறு என்றால் பவானிதான் பொருந்துகிறது.

சங்கமேஸ்வரன்தாசன்: ஒத்தைப் பாட்டை வெச்சு முடிவு கட்டாதீங்க. பவானிங்கறதுதான் மூலம். சனங்க வாய்க்கு லேசா இருக்கட்டும்னு வானின்னு சுருக்கியிருப்பாங்க. சுருக்கறது நம்ம ஊர்ல புதுசா?

ஏட்டுக்கட்டு: சுருக்குகிறோம், சரி. எப்படிச் சுருக்குகிறோம் என்று பாருங்கள். கோபிசெட்டிபாளையம் கோபி ஆச்சு, சத்தியமங்கலம் சத்தி ஆச்சு. தலையை வைத்துக்கொண்டு வாலைத்தான் வெட்டுகிறோம். பவானியைச் சுருக்கியிருந்தால் 'பவா' என்றுதான் நின்றிருக்கும்.

பாட்டை விடுங்கள், ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். கோபிப் பக்கம் மேவாணி, அந்தியூர்ப் பக்கம் கீழ்வாணி. இரண்டும் பவானிக் கரையை ஒட்டியவை. அங்கே ஆறு மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது. மேல் மேற்கு, கீழ் கிழக்கு. அட்டப்பாடியில் பவானியோடு சேரும் கிளையாறு சிறுவாணி. பெரிய ஆறு ஆதியிலிருந்தே பவானி என்றால் சின்னது 'சிறுபவானி' ஆகியிருக்க வேண்டும். பெரிய ஆற்றின் பெயர் மாறினாலும், அதைப் பார்த்துப் பெயர் வாங்கிய கிளையாறும் சிற்றூர்களும் பெரும்பாலும் மாறுவதில்லை.

நொய்யல்கரை: எங்க நொய்யலுக்கும் இப்படித்தானுங்க. நொய் அரிசியாட்டம் பொடி மணல், அதனால நொய்யல். அதுக்கும் பழைய பேரு வேற இருக்கா?

ஏட்டுக்கட்டு: அது வேறு கதை. நொய்யலின் பழைய பெயர் காஞ்சி. பேரூரில் இன்றும் காஞ்சிமாநதி என்பார்கள். காவிரியில் கலக்கும் இடத்தில், கரூர் மாவட்டத்தில், நொய்யல் என்றே ஓர் ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயர்தான் ஆற்றின் மேல் ஏறி வெள்ளியங்கிரி வரை போய்விட்டது. மணலுக்கு அதில் வேலையில்லை.

சங்கமேஸ்வரன்தாசன்: சரி, ஒண்ணு கேக்கறேன். பாட்டுல இருக்கறது ரெண்டு சுழி 'னி'. மேவாணி, சிறுவாணியில மூணு சுழி 'ணி'. வாணின்னா சரஸ்வதி. அப்ப அதுவும் சாமி பேருதானே?

ஏட்டுக்கட்டு: நல்ல கேள்வி, முழு பதில் என்னிடம் இல்லை. மேவானி, மேவாணி என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். பொருள் மறந்துபோன பெயரைத் தெரிந்த சொல்லின் பக்கம் இழுப்பது மனிதர் வழக்கம். வானியை ஒருவர் வாணி ஆக்கினார், இன்னொருவர் பவானி ஆக்கினார் என்றே நினைக்கிறேன். அமராவதியும் அப்படித்தான். புறநானூற்றில் அது ஆன்பொருநை. பிறகு ஆம்பிராவதி, அமராவதி. ஒவ்வொரு படியிலும் ஓசை கொஞ்சம் ஒட்டி நிற்கிறது, பொருள் முழுக்கப் புதிதாகிறது. புரியாத பெயர் புரிகிற பெயராக மாறுவதே அதிகம். அதனால் இரண்டு வடிவம் கிடைத்தால், பொருள் பளிச்சென்று தெரிவதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தாளவாடி அக்கா: எங்க வீட்ல கன்னடம். தொட்ட என்றால் பெரிய, பெட்ட என்றால் மலை. ஊட்டிக்குப் போறவங்க 'தொட்டபெட்டா மலை'ன்னு சொல்லும்போது எங்களுக்குப் 'பெரிய மலை மலை'ன்னுதான் கேக்கும். முன்னாடி இருந்தவங்க பாஷை புரியாததால மேல ஒரு 'மலை'யை வெச்சுட்டாங்க. அதான் கேக்கறேன், வானி மட்டும் தமிழ்னு எப்படிச் சொல்றீங்க? ஆறு வர்ற காட்டுல காலங்காலமா இருளர் இருக்காங்களே.

கூடுதுறைக்காரன்: வான்ல இருந்து வர்றதால வானின்னு வெச்சிருப்பாங்களோ அக்கா?

ஏட்டுக்கட்டு: தம்பி, அதே பொறிதான். வான் நமக்குத் தெரிந்த சொல், அதனால் இனிக்கிறது. எல்லா ஆறும் மழையில்தான் வருகிறது. இந்த ஒன்றுக்கு மட்டும் ஏன் அந்தப் பெயர்? அக்கா சொல்வதை என்னால் மறுக்க முடியவில்லை. வானி பவானிக்கு முந்தியது, அவ்வளவுக்கு உறுதி. வானி எந்த மொழிச் சொல் என்பதற்கு அந்தப் பாட்டில் விடை இல்லை.

சங்கமேஸ்வரன்தாசன்: நான் இன்னும் ஒத்துக்கலைங்க. ஆனா அந்தச் 'சிறுபவானி' கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்லை.

தாளவாடி அக்கா: அட்டப்பாடிப் பக்கம் போறவங்க வயசான இருளர்கிட்ட ரெண்டு ஆத்தையும் என்ன சொல்லிக் கூப்பிடறாங்கன்னு கேட்டு எழுதுங்க. 'பவானியை என்ன சொல்லுவீங்க'ன்னு நீங்களே பேரை எடுத்துக் குடுத்துடாதீங்க, அவங்களும் அதையே சொல்லிருவாங்க. கரையில நின்னு தண்ணியைக் காட்டிக் கேளுங்க.