கலைச்சொல்: சிங்கிள் பாஸ் ஸ்டீரியோ, ஃபோவியேட்டட் ரெண்டரிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

கயல் எழுதியது:

வணக்கம். விஆர் ஹெட்செட்டுக்கு நிரல் எழுதுவோருக்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘பிக்சல் செலவைக் குறைக்கும் இரண்டு வழிகள்’ என்ற அத்தியாயத்தில் வேலை நிற்கிறது. சிங்கிள் பாஸ் ஸ்டீரியோவுக்கு ‘ஒற்றைக்கடவு இருவிழி வரைவு’ என்றும், ஃபோவியேட்டட் ரெண்டரிங்குக்கு ‘விழிக்குழி வரைவு’ என்றும் போட்டிருக்கிறேன். முதல் சொல் வாயில் நிற்கவில்லை. இரண்டாவதைப் படித்தவர் கண் நோயைப் பற்றிய பாடமா என்று கேட்டார். வேறு சொல் தருவீர்களா?

நவாஸ் எழுதியது:

கயல், முதல் சொல்லில் பயன் தெரியவேண்டும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைந்ததை இப்போது ஒரே தடவையில் வரைகிறோம், அதனால் வேலை பாதியாகிறது. ‘பாதிச்செலவு வரைவு’ என்று வைத்தால் புதிதாக வருபவருக்கும் உடனே விளங்கும்.

முத்துலட்சுமி எழுதியது:

> வேலை பாதியாகிறது

எந்த வேலை என்று பார்க்கவேண்டும், நவாஸ். காட்சியில் 600 பொருள்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய முறையில் சிபியு இடக்கண்ணுக்கு 600 வரைகட்டளை அனுப்பும், அப்புறம் வலக்கண்ணுக்கு அதே 600ஐ மறுபடி அனுப்பும். சிங்கிள் பாஸில் 600 கட்டளையோடு முடிந்துவிடும். கண்ணுக்கு ஏற்ற இடமாற்றத்தை ஜிபியு தானே பார்த்துக்கொள்ளும்:

```
layout(num_views = 2) in;
...
gl_Position = viewProj[gl_ViewID_OVR] * model * vec4(pos, 1.0);
```

`gl_ViewID_OVR` ஒரு கண்ணுக்கு 0, மற்றதற்கு 1. அவ்வளவுதான். ஆனால் இரண்டு கண்ணின் படமும் வேறுவேறு. ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் கணக்கிட்டே ஆகவேண்டும். கண்ணுக்கு 1600 × 1600 என்றால் இரண்டுக்கும் சேர்த்து 51.2 லட்சம் பிக்சல். சிங்கிள் பாஸுக்கு முன்பும் அதே 51.2 லட்சம், பின்பும் அதேதான். குறைவது சிபியுவின் பாடு, கொஞ்சம் முனைப்புள்ளி வேலை.

கயல், அத்தியாயத் தலைப்பையே மாற்றவேண்டும். பிக்சல் செலவைக் குறைப்பது உங்கள் இரண்டாவது வழி மட்டும்தான். ‘பாதிச்செலவு’ என்று பெயர் வைத்தால் இந்தத் தவறு சொல்லோடு ஒட்டிக்கொண்டு போகும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இளங்கோ எழுதியது:

அன்புடையீர், இரண்டாவது சொல்லைப் பற்றி. பார்க்கும் இடம் தெளிவாகவும் சுற்றுப்புறம் மங்கலாகவும் தெரியும்படி படத்தை அமைப்பது என்று புரிந்துகொள்கிறேன். நிழற்படத்தில் பின்புலத்தை மங்கலாக்குவது போல. ‘மங்கல்விளிம்பு வரைவு’ பொருந்தும்.

முத்துலட்சுமி எழுதியது:

இளங்கோ ஐயா, கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய அப்படித்தான், ஆனால் நடப்பது நேர்மாறு. நிழற்பட மங்கலில் முழுப்படத்தையும் வரைந்துவிட்டு மேற்கொண்டு ஒரு வேலை செய்கிறோம், அதனால் செலவு கூடும். இங்கே ஓரத்தில் வரையும் வேலையையே விட்டுவிடுகிறோம்.

மேலே சொன்ன 1600 × 1600 படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் 800 × 800 சதுரத்துக்குப் பிக்சல் தவறாமல் நிறம் கணக்கிடுகிறோம்: 6.4 லட்சம். அதைச் சுற்றி 1200 × 1200 வரை நான்கு பிக்சலுக்கு ஒரு கணக்கு: 8 லட்சம் பிக்சலுக்கு 2 லட்சம் கணக்கு. மிச்சமுள்ள ஓரத்தில் பதினாறுக்கு ஒன்று: 11.2 லட்சத்துக்கு 70 ஆயிரம். மொத்தம் 9.1 லட்சம். முன்பு 25.6 லட்சம். நிறக்கணக்கு ஏறக்குறைய 36 சதவீதமாகக் குறைகிறது. ஃபிரேம் நேரமும் அந்த அளவு குறையும் என்று எதிர்பார்க்கக்கூடாது, மற்ற வேலைகள் அப்படியே இருக்கின்றன.

‘மங்கல்’ என்ற சொல் வேண்டாம் என்பது என் கட்சி. மங்கலை யாரும் விரும்பிச் செய்யவில்லை. அது தெரிந்துவிட்டால் பிழை.

கதிர் எழுதியது:

சொல் விவாதத்தின் நடுவில் என் பாட்டைச் சொல்வதற்கு மன்னிக்கவும். நான் ஃபோவியேட்டடை உச்ச அளவுக்கு வைத்துப் பார்த்தேன். ஃபிரேம் நேரம் 16 மில்லிசெகண்டிலேயே நிற்கிறது, எனக்கு 13.9க்குள் வரவேண்டும். ஓரமும் கட்டம்கட்டமாகத் தெரியவில்லை. அப்படியானால் இது பெயரளவுக்குத்தானா?

முத்துலட்சுமி எழுதியது:

கதிர், ஓரம் கெடவில்லை என்பதுதான் துப்பு. உச்ச அளவில் ஓரத்து எழுத்துகள் நிச்சயம் உடையும். உங்கள் காட்சியில் ஒளிர்வு, நிறத்திருத்தம் மாதிரிப் பின்வேலை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் காட்சி முதலில் ஓர் இடைப்படத்தில் வரையப்பட்டு, கடைசியில்தான் கண்ணுக்கான படத்தில் நகலாகும். பல அமைப்புகளில் ஃபோவியேட்டட் அந்தக் கடைசிப் படத்துக்கு மட்டும் பொருந்தும். கனமான வேலை அதற்கு முன்பே முழுத் தெளிவில் முடிந்துவிடுகிறது.

பின்வேலையை நிறுத்திப் பாருங்கள். அப்புறமும் நேரம் குறையவில்லை என்றால் ரெண்டர் அளவை 0.5க்கு இறக்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் தடை பிக்சலில் இல்லை, சிபியுவிலோ முனைப்புள்ளிகளிலோ இருக்கிறது. அப்போது தேட வேண்டியது சிங்கிள் பாஸைத்தான்.

கதிர் எழுதியது:

பின்வேலையை நிறுத்தினேன், 12க்கு வந்துவிட்டது! ஓரத்தில் பெயர்ப்பலகை எழுத்தும் உடைகிறது. நிறத்திருத்தத்தைப் பொருள்களின் ஷேடருக்குள்ளேயே செய்ய முடியுமா என்று பார்க்கிறேன். சிங்கிள் பாஸையும் போட்டுப் பார்த்தேன், ஆனால் புகை இடக்கண்ணில் மட்டும் தெரிகிறது.

முத்துலட்சுமி எழுதியது:

புகையின் ஷேடர் எந்தக் கண் என்ற எண்ணைப் படிக்காமல் இருக்கும். சிங்கிள் பாஸுக்கு மாறும்போது கையால் எழுதிய ஷேடர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுதான் வழி. ஒரு கண்ணை மூடி மூடிச் சோதியுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருந்தால் மூளை சமாளித்துவிடும், தலைவலிதான் மிஞ்சும்.

கயல் எழுதியது:

அக்கா, தலைப்பை மாற்றிவிட்டேன். கட்டளைகளை இரண்டு தடவை அனுப்புவது என்று நீங்கள் விளக்கியதும் எனக்கு ‘நடை’ நினைவுக்கு வந்தது. சுமையை ‘ரெண்டு நடையாக’ எடுத்துப் போனோம், ‘ஒரே நடையில்’ முடித்தோம் என்கிறோமே. நடை குறைந்தாலும் சுமை குறைவதில்லை. ‘ஒருநடை இருவிழி வரைவு’ சரியா?

இரண்டாவதற்குக் ‘கூர்நோக்கு வரைவு’?

இளங்கோ எழுதியது:

‘ஒருநடை’ அருமை. உரைநடை என்ற பொருளோடு குழம்பாது, பக்கத்தில் ‘இருவிழி’ நிற்கிறது. மங்கலை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் ‘கூர்நோக்கு’ வேண்டாம், ‘கூர்நோக்கு இல்லம்’ என்று சிறார் இல்லங்களுக்கு வழங்குகிறது. ‘கூர்மைய வரைவு’ என்றால் என்ன?

முத்துலட்சுமி எழுதியது:

‘நோக்கு’ இன்னொரு வகையிலும் இடிக்கும். கண்ணைப் பின்தொடரும் ஹெட்செட்டில்தான் கூர்மையான இடம் பார்வையோடு நகரும். மற்றவற்றில் அது லென்ஸின் நடுவிலேயே நிற்கும், நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்று அதற்குத் தெரியாது. ஓரத்தில் லென்ஸே படத்தை நெருக்கிவிடுவதால் அங்கே வரைவதில் பாதி வீண், அதனால்தான் அதுவும் பயன்படுகிறது. ஆகவே பொதுச்சொல் ‘கூர்மைய வரைவு’, வகைகள் ‘நிலைக்கூர்மையம்’, ‘நோக்குக்கூர்மையம்’.

நவாஸ் எழுதியது:

பாதிச்செலவை விட்டுவிட்டேன். ஆனால் ‘கூர்மைய’ என்பதைக் ‘கூர்மை’யின் திரிபாக வாசிப்பார்கள். படம் முழுக்கக் கூர்மை என்று எண்ணிவிட்டால்? ‘கூர்நடு’ என்றால் அந்தக் குழப்பம் வராது.

கயல் எழுதியது:

‘கூர்நடு’ என் காதுக்கு இன்னும் பழகவில்லை. இந்த அத்தியாயத்தில் ‘கூர்மையம்’ என்று போட்டு, முதல் தடவை வருமிடத்தில் நடுவே முழுக்கணக்கு, ஓரத்தில் குறைகணக்கு என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். அடுத்த அத்தியாயம் அச்சுக்குப் போகும் முன் வேறு சொல் வந்தால் மாற்றலாம். கதிர், உங்கள் 16லிருந்து 12 கதையைப் பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாமா?