பாசிங் போஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

குளச்சலிலிருந்து

நண்பர்களே, நான் ஓவியம் முறையாகப் படித்தவனல்ல. தலையில் மீன் கடவத்தோடு கடற்கரையில் நடக்கும் ஓர் ஆளை 16க்கு 24 பிக்சலில் வரைந்து வருகிறேன். அசையும் படம், மொத்தம் 4 பிரேம். கூடவே தமிழில் குறிப்பும் எழுதுகிறேன். கால்கள் விரிந்து, முன்காலின் குதிகால் தரையைத் தொடும் படத்துக்கு 'ஊன்று நிலை' என்று பெயர் வைத்துவிட்டேன். ஒரு கால் நிற்க, மற்றது அதைத் தாண்டிப் போகும் படத்தை ஆங்கிலத்தில் பாசிங் போஸ் என்கிறார்கள், தமிழில் என்ன சொல்ல? அதுபோக, என் ஆள் நடக்கவில்லை, கத்தரிக்கோல் மாதிரி விரிந்து விரிந்து மூடுகிறான்.

நாகர்கோவிலிலிருந்து

'கால்மாறு நிலை' என்று வையுங்கள். மதுரை வெள்ளியம்பலத்து நடராசர் கால்மாறி ஆடுகிறார் இல்லையா, சொல் கைவசம் இருக்கிறது. கால்கள் விரிந்த படத்தில் ஆள் பெரிதாகத் தெரிவான், தலையை அங்கே ஒரு பிக்சல் ஏற்றிப் பாருங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து

நானும் கட்டம் போட்ட தாளில் மயில் வரைந்து துணியில் தைக்கிறேன். மயிலின் காலுக்கு எத்தனை கட்டம் விடலாம்?

முட்டத்திலிருந்து

மயில் நிற்கட்டும் அக்கா, அதற்கு இந்தப் பாடே இல்லை.

அண்ணாச்சி சொன்ன சொல் அருமை, இடம்தான் மாறிவிட்டது. உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு மாறத் தொடங்குவது ஊன்றும்போது. தாண்டும்போது முழுப் பாரமும் ஒரே காலில் இருக்கும். கால்மாறு என்றால் ஊன்று நிலைக்குத்தான் பொருந்தும். தலையும் அப்படியே தலைகீழ். கவராயத்தை விரித்தால் அதன் தலை இறங்குமே, இடுப்பும் அப்படித்தான். தாண்டும் படத்தில்தான் ஒரு பிக்சல் ஏற்ற வேண்டும்.

கத்தரிக்கோலுக்குக் காரணம் முட்டி. தாண்டும் காலை மடக்கி, பாதத்தைத் தரையிலிருந்து ஒரு பிக்சலாவது தூக்குங்கள். அப்புறம், அப்பாலுள்ள காலுக்கு ஒரு படி இருண்ட நிறம் கொடுங்கள். இரண்டும் ஒரே நிறமானால் எந்தக் கால் முன்னே போகிறது என்றே தெரியாது, ஒரே காலை இழுத்து இழுத்து நடப்பதுபோல இருக்கும்.

சொல்லுக்கு என் ஓட்டு 'கடப்பு நிலை'.

குளச்சலிலிருந்து

முட்டியை மடக்கியதும் கத்தரிக்கோல் போய்விட்டது. ஆனால் தலையோடு கடவமும் குதித்தது, மீன் சிதறிவிடும் போல. தலைச்சுமைக்காரர்களைக் கரையில் நின்று பார்த்தேன், கடவம் அசையவே இல்லை. அதனால் தலையையும் கடவத்தையும் நான்கு படத்திலும் ஒரே உயரத்தில் வைத்து, கடப்பில் இடுப்பை மட்டும் ஒரு பிக்சல் ஏற்றினேன். நடுவுடலில் ஒரு வரிசை குறைந்தது, யாருக்கும் கண்ணில் படவில்லை. பிரேமுக்கு 100 மில்லிநொடி வைத்தபோது ஓடினான். 150 வைத்ததும் நிதானத்துக்கு வந்துவிட்டான்.

நாகர்கோவிலிலிருந்து

தலை விஷயத்தில் தப்புதான், சரி. ஆனால் கடப்பு என்றால் ரோட்டைக் கடக்கிற படம் என்று பிள்ளைகள் நினைக்கும். 'இடைக்கால் நிலை'?

முட்டத்திலிருந்து

அதை இடைக்கால ஏற்பாடு என்று வாசிப்பார்கள், அண்ணாச்சி.