[கலைச்சொல்] «படம் எடு»: எங்கிருந்து எடுப்பது?

கயல்:
மரக் கணக்கெடுப்புச் செயலியின் தமிழாக்கத்தை வெள்ளி இரவுக்குள் அனுப்ப வேண்டும். இரண்டு வரி மட்டும் பாக்கி.

```
photo_take   = "Take photo"
photo_choose = "Choose from gallery"
```

இப்போது இருப்பவை «படம் எடு», «கேலரியிலிருந்து படம் எடு». பெட்டியிலிருந்து சாவியை எடுப்பதும் எடு, கேமராவில் எடுப்பதும் எடு. காலையில் எடுத்துவைத்த படத்தைச் சேர்க்க வந்தவர் முதல் பொத்தானையே அழுத்துகிறார். செயலிக்குள்ளேயே கேமரா இருப்பதால் அனுமதி கேட்கிறது. «கேமரா எதற்கு?» என்று மறுக்கிறார். ஆண்ட்ராய்டு 11 முதல் இருமுறை மறுத்தால் அந்தக் கேள்வி திரும்ப வராது. நிஜமாகவே மரத்தைப் படமெடுக்க நிற்கும் நாளில் பொத்தான் செத்துக் கிடக்கும். அமைப்புகளுக்குள் போய்த்தான் திறக்க வேண்டும்.

பிரபு:
கேலரிக்கும் சேமிப்பக அனுமதி கேட்குமே. எதை மறுத்தாலும் சிக்கல்தான், சொல்லை மாற்றி என்ன ஆகப்போகிறது?

கயல்:
பழைய முறையில் கேட்கும். இந்தச் செயலி ஆண்ட்ராய்டின் படத் தேர்வியை அழைக்கிறது. பயனர் தொட்ட படம் மட்டுமே செயலிக்குக் கிடைக்கும், அனுமதியே வேண்டாம். அதனால் சிக்கல் கேமரா பொத்தானில் மட்டும்தான்.

இளங்கோவன்:
கேலரி ஏன்? பாண்டியன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்று சங்கப் பாடலின் அடிக்குறிப்பே சொல்கிறதே. ஓவியம் தீட்டிய மாடம் சித்திரமாடம். படங்கள் உள்ள இடம் படமாடம். «படமாடத்தில் தேர்க». இடமும் மிச்சம்.

பிரபு:
ஐயா, துஞ்சிய என்றால் அங்கேயே இறந்துபோனார் என்று பொருள். அங்கிருந்து படம் எடுக்கச் சொல்கிறீர்களே.

இளங்கோவன்:
சிரியுங்கள். «படத்தொகுப்பு» என்று போட்டால் திரைப்பட எடிட்டிங் ஆகிவிடும், «காட்சிக்கூடம்» என்றால் கண்காட்சி. மாடத்துக்கு அந்தக் குழப்பமில்லை. கேமரா என்ற சொல்லும் வேண்டாம்.

சிவராசா:
அந்தச் சொல் லத்தீனில் அறையைத்தான் குறிக்கும். இருட்டறை என்பதிலிருந்து கருவிக்கு வந்தது. போர்த்துக்கீசர் வழியே வந்த அதே சொல்தான் மலையகத்தில் லயக் காம்பரா ஆனது. இந்தியில் அறைக்குக் கம்ரா. ஆகவே அந்நியம் என்று தள்ள முடியாது. ஆனால் எங்களுக்கு அது கமரா. «கேமரா» என்று போட்டால் யாழ்ப்பாணத்தில் படிப்பார்கள், எழுதமாட்டார்கள்.

மீனா:
நானும் கேட்க நினைத்தேன். என் வகுப்புப் பிள்ளைகள் செயலிக்குள் எடுத்த இலைப் படங்கள் கேலரியில் வரவேயில்லை. தமிழ் அமைப்பை மாற்றினால் வருமா?

கயல்:
மொழிக்கும் அதற்கும் தொடர்பில்லை மீனா. செயலியின் கேமரா தன் தனிக் கோப்புறையில் சேமித்தால் கேலரி அதைப் பார்க்காது. செயலியை நீக்கினால் படமும் போய்விடும், முதலில் ஏற்றிவிடுங்கள்.

உங்கள் கேள்வியால் ஒன்று நினைவுக்கு வந்தது. சில படிவங்களில் கேலரிப் பொத்தானே இருக்காது, காரணம் இடக்குறிப்பு. வாட்சாப்பில் படமாக வந்ததில் எக்ஸிஃப் தகவல் கழிந்திருக்கும். புளியமரம் எந்த ஊரில் நிற்கிறதென்று படம் சொல்லாது. கேமராவிலேயே எடுத்ததாக இருந்தாலும், ஆண்ட்ராய்டு 10 முதல் தனி அனுமதி இல்லாத செயலிக்கு இடத்தை மறைத்துத்தான் தருகிறது. செயலிக்குள் எடுத்தால் அந்தக் கணத்தின் இடத்தைச் செயலியே குறித்துக்கொள்ளும். ஆகவே வேறுபாடு «இப்போது» என்பதில்தான்.

பிரபு:
அப்படியானால் «இப்போது படம் பிடி», «ஏற்கெனவே உள்ள படம்». கேலரி என்ற பெயரே தேவையில்லை.

இளங்கோவன்:
பிடி என்பது மீனுக்கும் கள்வனுக்கும். போகட்டும், எடு என்றால் பாம்பும் படம் எடுக்கிறது. ஆனால் ஏவலில் ஒருமை மரியாதையாக இல்லை. «பிடிக்க» என்று எழுதுங்கள்.

சிவராசா:
«பிடிக்க» என்றால் விருப்பம் என்றும் வரும். «எனக்கு இந்தப் படம் பிடிக்கும்».

கயல்:
மணி ஒன்பது. சின்னத் திரையில் பார்த்தேன்: «ஏற்கெனவே உள்ள ப…» என்று வெட்டுப்படுகிறது. «இப்போது படம்பிடி», «பழைய படம் சேர்» இரண்டும் முழுதாகத் தெரிகின்றன. மூவர் சரி என்றதால் ஏற்றிவிட்டேன்.

இளங்கோவன்:
இரண்டு நிமிடம் முன் எடுத்த படம் பழையதா? என் எதிர்ப்பைப் பதிவில் வையுங்கள்.

சிவராசா:
என்னுடையதையும். அனுமதிச் செய்தியில் இன்னும் «கேமரா» இருக்கிறது.