'ஃப்ளேக்கி டெஸ்ட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

மலர்விழி:
வணக்கம். விளையாட்டு நிரலாக்க வகுப்புக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நிரலில் எதையும் மாற்றாதபோதே ஒருமுறை தேறி மறுமுறை தோற்கும் சோதனைக்குச் சொல் வேண்டும். மாணவர் ஒருவர் எழுதிய விதி இது:

```python
from random import randint

def damage(atk, dfn):
    return (atk - dfn) * randint(85, 100) // 100
```

தாக்குதல் 30, தற்காப்பு 10 என்றால் சேதம் 18க்குக் குறையாது என்று சோதிக்கிறார். 85 முதல் 89 வரை விழுந்தால் 17தான் வருகிறது.

அன்பரசு:
'பகடைச் சோதனை' என்று வையுங்கள், யாருக்கும் புரியும். தோற்றால் மூன்று முறை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

தேவகி:
சொல் நன்று, மருந்து தவறு. 16 எண்களில் 5 தோற்கடிக்கின்றன. மூன்று முறை ஓட்டினால் மூன்றுமே தோற்பது நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று தடவைதான். பிழை அப்படியே இருக்கும், கண்ணில் படாது. குலுக்கல் தொடங்கும் விதை எண்ணை நிலைநிறுத்தினாலும் ஆபத்து உண்டு: நாளை சேதத்துக்கு முன்னால் இன்னொரு குலுக்கலைச் சேர்த்தால் அடுத்து விழும் எண்களெல்லாம் இடம் மாறி, தொடர்பில்லாத சோதனைகளும் தோற்கும். குலுக்கிய எண்ணை விதிக்கு வெளியிலிருந்து கொடுக்கச் சொல்லுங்கள். 85 கொடுத்தால் 17, 100 கொடுத்தால் 20. இரண்டு எல்லைக்கும் ஒவ்வொரு சோதனை.

இராசேந்திரன்:
பகடை இழுக்கு. தொல்காப்பியர் உரியியலில் அலமரலையும் தெருமரலையும் சுழற்சி என்கிறார். 'அலமரல் சோதனை' என்க. 'தெருமரு' என்ற வினையையும் ஆராயலாம். அதில் கலக்கமும் அடங்கும்.

யோகன்:
என் கதையைக் கேளுங்கள், இதில் பகடையே இல்லை. எங்கள் ஆட்டத்தில் வேகம் அதிகமானவருக்கு முதல் முறை. வீரர்களின் பெயர்களைப் பைத்தானில் `set` ஆக வைத்து, வேகப்படி `sorted` செய்தோம். இருவருக்கும் வேகம் 12. சமமானவர்களை `sorted` வந்த வரிசையிலேயே விட்டுவிடும். ஆனால் எழுத்துச்சரங்கள் கொண்ட `set`இன் வரிசையோ ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறக்கூடும். முறை வரிசைச் சோதனை ஒரு நாள் தேறும், மறுநாள் தோற்கும்.

தேவகி:
அப்படியானால் 'பகடை' பொருந்தாது, யோகன். உங்கள் விதியிலேயே ஓட்டை இருக்கிறது: வேகம் சமமானால் யார் முதலில் என்று அது சொல்லவில்லை. பெயர் வரிசையோ சேர்ந்த வரிசையோ, ஒன்றை விதியில் எழுதிவிட்டு, இருவரையும் இடம் மாற்றிக் கொடுத்துச் சோதியுங்கள். சொல்லுக்கு 'நிலையா சோதனை' என் பரிந்துரை.

இராசேந்திரன்:
அம்மா, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வல்லினம் மிகும். 'நிலையாச் சோதனை'. ஆயினும் அலமரலை நான் விடுவதாக இல்லை.

அன்பரசு:
'நிலையா' என்றால் சோதனையே நிலைக்காது, நீக்கிவிடுவார்கள் என்று மாணவர் நினைப்பார்கள். நான் ஏற்கவில்லை.

மலர்விழி:
தேவகியின் பரிந்துரைப்படி இந்தப் பதிப்பில் 'நிலையாச் சோதனை' போகிறது. யோகன் ஐயா, உங்கள் முறை வரிசையைப் பயிற்சிக் கணக்காகச் சேர்த்துக்கொள்ளலாமா?