அவசர அறிவிப்பு முந்திப் போகணும், மற்றது நகரக் கூடாது: வழி இருக்கா?

கோபி மஞ்சக்காடு:
எங்கள் ஊர் விவசாயிகள் குழுவுக்கு ஒரு டெலிகிராம் சேனல் நடத்துகிறோம். பதிவுகளை முன்னாடியே எழுதி வரிசையில் போட்டுவிடுவோம், காலை 6, மதியம் 1, மாலை 7 மணிக்கு ஒவ்வொன்றாகப் போகும். நாங்களே எழுதின பி.எச்.பி. ஸ்கிரிப்ட்தான். போன வியாழக்கிழமை மாலை 4 மணிக்கு, நாளைக்கு மஞ்சள் ஏலம் இல்லை என்று தகவல் வந்தது. வரிசையில் முதல் இடத்துக்குத் தூக்கிப் போட்டேன். அது 7 மணிக்குத்தான் போனது, பின்னாடி இருந்த எல்லாமே இடம் மாறிவிட்டது. அவசரமானது உடனே போகணும், மற்றது அதனதன் நேரத்தில் போகணும். எப்படிங்க செய்வது?

நாலு ரோடு:
ரொம்ப சுலபம் தம்பி. தினமும் ஒரு ஸ்லாட்டைக் காலியாக வையுங்கள், மாலை 5 மணி மாதிரி. அவசரம் வந்தால் அதில் போடுங்கள், வராவிட்டால் அது சும்மா கிடக்கட்டும். மற்றது எதுவும் நகராது. இதற்குப் போய் ஸ்கிரிப்டை எல்லாம் கிளற வேண்டாம்.

சிங்காநல்லூர் சர்வர்:
நகராது என்பது வரைக்கும் சரி. ஆனால் தகவல் 5:10க்கு வந்தால் அடுத்த நாள் 5 மணி வரை காத்திருக்குமே, அப்புறம் அது என்ன அவசரம்? ஒரே நாளில் இரண்டு அவசரம் வந்தாலும் இரண்டாவது மாட்டிக்கொள்ளும்.

தம்பி, உங்கள் டேபிளில் ஒவ்வொரு பதிவுக்கும் `position` என்று ஒரு எண் மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். கிரான் 6, 1, 7 மணிக்கு மட்டும் ஓடி, இருப்பதிலேயே சின்ன எண்ணை எடுத்து அனுப்புகிறது. சரியா? அப்படியானால் எந்தப் பதிவுக்கும் சொந்தமாக நேரமே கிடையாது, நேரம் ஸ்லாட்டுக்குத்தான் இருக்கிறது. நீங்கள் முன்னால் ஒன்றைச் செருகியதும் அது வியாழன் 7 மணி ஸ்லாட்டைத் தின்றுவிட்டது. அந்த 7 மணிக்கு உரியது வெள்ளி காலை 6க்குப் போனது, 6க்கு உரியது 1 மணிக்கு, 1 மணிக்கு உரியது 7க்கு. வரிசை தீரும் வரை இது நிற்காது.

கோபி மஞ்சக்காடு:
அப்படியேதாங்க அண்ணா. அதுலயும் பாருங்க, வியாழன் 7 மணிக்குப் போக வேண்டியது 'நாளை ஏலத்துக்கு விரலியும் கிழங்கும் தனித்தனி மூட்டையாகக் கட்டி எடுத்து வாருங்கள்' என்று இருந்தது. அது வெள்ளி காலை 6 மணிக்குப் போய், நாளைக்கு என்றால் சனிக்கிழமையா என்று ஆளாளுக்கு போன் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

சிங்காநல்லூர் சர்வர்:
அதுதான். `publish_at` என்று ஒரு ஃபீல்டு சேர்த்து, ஒவ்வொரு பதிவுக்கும் அதன் நேரத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். இப்போது வரிசையில் இருப்பவற்றுக்கு ஸ்லாட் கணக்குப்படி ஒரு தடவை நிரப்பினால் போதும். கிரானை நிமிடத்துக்கு ஒரு முறை ஓட விடுங்கள். எதை அனுப்புவது என்பதை இது பார்த்துக்கொள்ளும்:

```sql
SELECT id FROM posts
WHERE status = 'queued'
  AND publish_at <= NOW()
ORDER BY urgent DESC, publish_at;
```

அவசரப் பதிவுக்கு `urgent` 1, `publish_at` இந்த நிமிடம். அடுத்த ஓட்டத்திலேயே போய்விடும், வேறு எந்த வரியையும் தொட வேண்டியதே இல்லை. முகூர்த்த நாளில் ஸ்பெஷல் பஸ் விட்டால் ரூட் பஸ் நேரம் மாறுகிறதா என்ன, அது பாட்டுக்கு அது போகும்.

நாலு ரோடு:
எல்லாவற்றுக்கும் நேரம் கொடுத்தாகிவிட்டது, அவசரத்துக்கும் நேரம் இருக்கிறது. அப்புறம் `urgent` எதற்கு? வேலையை வளர்க்கிறீர்கள்.

சிங்காநல்லூர் சர்வர்:
நல்ல கேள்வி. சாதாரண நாளில் அது வேண்டியதில்லைதான். காலை 5 முதல் 7 வரை கிரான் மட்டும் ஓடாமல் படுத்துவிட்டது என்று வையுங்கள். எழுந்ததும் நேரம் தாண்டிய பதிவுகள் எல்லாம் ஒன்றாக நிற்கும், 6:40க்குப் போட்ட அவசரமும் அதில் இருக்கும். நேரத்தை மட்டும் பார்த்தால் 6 மணிப் பதிவு முன்னால் போகும். அவசரம் முதலில் போவதற்குத்தான் அந்த ஃபீல்டு.

இன்னொன்றும் செய்யுங்கள்: `expires_at`. நாளை என்று எழுதின பதிவு அன்றைக்கு ராத்திரியோடு செத்துவிட வேண்டும். சர்வர் மறுநாள் எழுந்தாலும் அது போகக் கூடாது. மேலே இருக்கிற வினவலில் ஒரு வரி சேர்த்தால் முடிந்தது.

பின்னலாடை அக்கா:
எங்களுக்கும் இதே தொல்லை. திருப்பூரில் எங்கள் யூனிட்டில் ஷிப்ட் மாற்றத்தை இப்படித்தான் அனுப்புகிறோம். அவசரம் என்று 4:10க்குப் போட்டால் ராத்திரி 9:40க்குப் போகிறது. மற்றது எதுவும் நகரவில்லை, அவசரம் மட்டும் தாமதம். நீங்கள் சொல்கிற முன்னுரிமை ஃபீல்டு சேர்த்தும் பார்த்தாச்சு, ஒன்றும் ஆகவில்லை.

சிங்காநல்லூர் சர்வர்:
அக்கா, உங்களுடையது வரிசைப் பிரச்சினையே இல்லை. 4:10க்கும் 9:40க்கும் நடுவில் சரியாக ஐந்தரை மணி நேரம். நம்ம ஊர் நேரத்தை எழுதுகிறீர்கள், சர்வர் `UTC`யில் ஓடுகிறது. அங்கே 16:10 ஆகும்போது நமக்கு 21:40. ஸ்லாட் பதிவுகள் சரியாகப் போகிறது என்றால் அவற்றை யாரோ `UTC`க்கு மாற்றி எழுதியிருப்பார்கள், 'உடனே அனுப்பு' பட்டன் மட்டும் பிரவுசரில் இருக்கும் நேரத்தை அப்படியே அனுப்புகிறது. பட்டனில் நேரம் அனுப்பாமல், டேட்டாபேஸிலேயே `NOW()` போடச் சொல்லுங்கள்.

பின்னலாடை அக்கா:
ஸ்லாட் பகுதி பழைய பையன் எழுதினது, பட்டன் புதுப் பையன். புரிந்தது. நாளைக்குப் பார்க்கச் சொல்கிறேன்.

வாய்க்கால்மேடு:
எல்லாரும் 'மற்றது நகரக் கூடாது' என்பதையே பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள், எனக்கு அதிலேயே சம்மதம் இல்லை. சர்வர் அண்ணன் சொன்ன மாதிரியே செய்திருந்தால் வியாழக்கிழமை என்ன ஆகியிருக்கும்? 4 மணிக்கு 'நாளை ஏலம் இல்லை', 7 மணிக்கு 'நாளை ஏலத்துக்கு மூட்டை எடுத்து வாருங்கள்'. எதுவும் நகரவில்லை, எல்லாம் சொன்ன நேரத்தில் போயிற்று. டெலிகிராமைத் திறக்கிறவர் கண்ணில் பட்டியலில் முதலில் படுவது சேனலின் கடைசிப் பதிவுதானே? அந்தியூரில் இருந்து வண்டி பிடித்து வந்துவிடுவார். தம்பி ஸ்கிரிப்ட் சொதப்பியதால்தான் 7 மணிக்கு அந்தப் பதிவு போகாமல் தப்பித்தது!

நாலு ரோடு:
அட, இதுதான் பாயிண்ட்.

சிங்காநல்லூர் சர்வர்:
ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அது வேற வேலைங்க. வரிசையின் நேரம் தானாக மாறக் கூடாது என்பது ஒன்று, ஒரு பதிவை ஆள் பார்த்து நிறுத்துவது இன்னொன்று. இரண்டையும் குழப்பினால் எதற்கும் பொறுப்பு இல்லாமல் போகும்.

வாய்க்கால்மேடு:
ஆள் பார்ப்பாரா? அவசரம் என்று வந்தபோது தம்பி வரப்பில் நின்றுகொண்டு போனில் போட்டிருப்பார். வரிசையில் பின்னால் என்ன இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அவசரம் போனதும் அடுத்த 24 மணி நேரப் பதிவுகளை ஸ்கிரிப்டே நிறுத்தி வைக்க வேண்டும், யாராவது பார்த்து விடுவிக்கட்டும். அதுதான் என் வாதம்.

சிங்காநல்லூர் சர்வர்:
யாரும் விடுவிக்காவிட்டால்? ஏலம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக, காலை 6 மணிக்குப் போக வேண்டிய 'மழை வருகிறது, இன்று மருந்து அடிக்க வேண்டாம்' பதிவும் நின்றுவிடும். சத்தமில்லாமல் நிற்பது, தப்பாகப் போவதைவிட மோசம், ஏனென்றால் யாரும் கேட்க மாட்டார்கள். நான் செய்வது: பதிவு போடும்போதே ஒரு குறிச்சொல் கொடுப்பது, ஏலம், மருந்து, மானியம் என்று. அவசரத்தை அழுத்தும்போது அதே குறிச்சொல்லில் இன்னும் போகாமல் இருப்பதை மட்டும் திரையில் காட்டி, பக்கத்தில் 'நிறுத்து' பட்டன் வைப்பது. வியாழக்கிழமை என்றால் ஒரே ஒரு பதிவுதான் காட்டியிருக்கும்.

வாய்க்கால்மேடு:
குறிச்சொல்லை ஒழுங்காகப் போடுகிற குழுவை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் காட்டுவது நல்லது, அதை மறுக்கவில்லை. குறிச்சொல் இல்லாத பதிவையும் சேர்த்துக் காட்டுங்கள், அப்போது பாதி ஒத்துக்கொள்கிறேன்.

நாலு ரோடு:
ஒன்று கேட்கிறேன். எங்கள் ஆட்கள் வரிசையை மேலும் கீழும் இழுத்து வைப்பார்கள், அதுதான் அவர்களுக்குத் தெரிந்த வேலை. எல்லாவற்றுக்கும் தேதி நேரம் நிரப்பச் சொன்னால் யாரும் எழுதவே மாட்டார்கள். வரிசை எண் வசதி சும்மா இல்லை.

சிங்காநல்லூர் சர்வர்:
இழுக்கட்டும். திரையில் அதே பட்டியல்தான். உள்ளே, இரண்டு பதிவை இடம் மாற்றினால் அவற்றின் `publish_at` இரண்டையும் பரிமாற வேண்டும், அவ்வளவுதான். புதிதாகப் போட்டால் அடுத்த காலி ஸ்லாட்டின் நேரத்தை ஸ்கிரிப்டே எழுதிவிடும். அவசரம் மட்டும் அந்தப் பட்டியலுக்குள் வராமல் தனியாக மேலே நிற்கும், அதை இழுக்க முடியாது.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. நிமிடத்துக்கு ஒரு முறை கிரான் ஓடும்போது, முந்தைய ஓட்டம் டெலிகிராமின் பதிலுக்காகக் காத்திருந்தால் அடுத்த ஓட்டம் அதே பதிவை மறுபடி எடுக்கும், அவசரம் இரண்டு தடவை போகும். அனுப்புவதற்கு முன்னால் இதை ஓட்டி, ஒரு வரி மாறியது என்று வந்தால் மட்டும் அனுப்புங்கள்:

```sql
UPDATE posts SET status = 'sending'
WHERE id = ? AND status = 'queued';
```

கோபி மஞ்சக்காடு:
இதை எல்லாம் மாற்றின பிறகு, உண்மையிலேயே எதுவும் நகரவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது அண்ணா? வரிசையில் நிறையப் பதிவு கிடக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்க்க முடியாது.

சிங்காநல்லூர் சர்வர்:
போன நேரத்தை `sent_at` என்று எழுதி வையுங்கள். ராத்திரி ஒரு தடவை `publish_at`க்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் இருந்தால் சரி. அவசரம் போனதுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் ஒரு நிமிடம் தள்ளியிருந்தால் அது மோதல், கவலை வேண்டாம். அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே மணிக்கணக்கில் தள்ளியிருந்தால், பழைய `position` இன்னும் எங்கேயோ உயிரோடு இருக்கிறது.

பின்னலாடை அக்கா:
நாங்கள் ஒன்று செய்கிறோம், உங்களுக்கு உதவுமா பாருங்கள். சாதாரணப் பதிவை எல்லாம் `disable_notification` போட்டு அனுப்புகிறோம், போனில் சத்தம் வராது. அவசரத்துக்கு மட்டும் சத்தம். முதலில் எல்லாவற்றுக்கும் சத்தம் வந்தபோது பாதிப் பேர் மியூட் செய்து வைத்திருந்தார்கள், அப்புறம் எவ்வளவு முந்தி அனுப்பினாலும் என்ன பலன்?

வாய்க்கால்மேடு:
அக்கா சொல்வது சரி. ஆனால் மியூட் செய்தவர் போனில் அவசரத்துக்கும் சத்தம் வராது, அவரே எடுத்துவிட்டால்தான் உண்டு. தம்பி, இப்போது எத்தனை பேர் மியூட்டில் இருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கோபி மஞ்சக்காடு:
நிறைய இருப்பாங்க. வெள்ளிக்கிழமை போன் போட்டவர்களில் பாதிப் பேர், ஏலம் இல்லை என்கிற பதிவையே பார்க்கவில்லை என்றுதான் சொன்னார்கள். முதலில் `publish_at` வேலையை முடிக்கிறேன். அடுத்த 24 மணி நேரத்தைத் தானாக நிறுத்துவதா, காட்டுவதோடு விடுவதா என்பதை எங்கள் குழுவில் கேட்க வேண்டும், என் தம்பியே வாய்க்கால்மேடு அண்ணன் பக்கம்தான் பேசுகிறான்.