மறு: மறு: டூயட்டுக்கு என்ன சொல்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

பாடவேளை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை எங்கள் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் மாணவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. வரிகளைக் கொடுத்தால் மெட்டும் குரலும் சேர்த்துப் பாட்டாகத் தருகிற ஏஐ கருவி ஒன்றைப் பழக்கப் போகிறோம். இரண்டு பக்கக் கையேடு தமிழில் வேண்டும், வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. ப்ராம்ப்டுக்கு 'தூண்டுரை' என்று இங்கே ஏற்கனவே அடித்துக்கொண்டு முடித்துவிட்டோம், அதைத் தயவுசெய்து மறுபடி திறக்காதீர்கள்.

இப்போது வேண்டியது இரண்டு சொல். ஒன்று, டூயட். மற்றொன்று, பாட்டு வரிக்கு மேலே சதுர அடைப்புக்குள் 'இதை இன்ன குரல் பாடட்டும்' என்று எழுதுகிறோமே, அந்தக் குறிப்பு.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அம்மாவும் விடுதியில் படிக்கும் மகளும் போனில் பேசுவது போல ஒரு பாட்டு எழுதினேன். கருவியில் இரண்டு பெட்டிகள்: பாணியை எழுத ஒன்று, வரிகளுக்கு ஒன்று. பாணிப் பெட்டியில் `duet, two female voices` என்று மட்டும் போட்டேன். ஒரு சொடுக்குக்கு இரண்டு பாட்டு வரும். முதல் பாட்டில் ஒரே பெண் முழுவதும் பாடினாள். இரண்டாவதில் இரண்டு பேர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சேர்ந்தே பாடினார்கள், பள்ளிக்கூடத்துக் கடவுள் வாழ்த்து மாதிரி. அம்மா யார், மகள் யார் என்று எனக்கே தெரியவில்லை.

சுவடிக்காரர் எழுதியது:

அம்மா, 'இருகுரல் பாடல்' என்று யாராவது சொல்வதற்குள் முந்திக்கொள்கிறேன். அது பிழைபட வாய்ப்புள்ள சொல். தமிழிசையில் குரல் என்பது ஏழு சுரங்களில் முதலாவது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். இசை படித்தவன் 'இருகுரல்' என்றால் இரண்டு ஸட்ஜம் என்று எடுத்துக்கொள்வான். பாடும் தொண்டைக்கு நம்மிடம் 'மிடறு' இருக்கிறது. வாய்ப்பாட்டை மிடற்றுப் பாடல் என்று வழங்கிய மரபும் உண்டு. ஆகவே 'இருமிடற்றுப் பாடல்'. மிடறு என்பதன் வேரைப் பார்த்தால்...

(வேர் பற்றி ஐயா எழுதிய பதினான்கு பத்தியைச் சுருக்கியிருக்கிறேன். முழுதும் வேண்டுவோர் முந்தைய மடலில் காண்க. – மட்டுறுத்துநர்)

எழுத்தாணி எழுதியது:

ஐயா, இருமிடறு என்று அச்சடித்தால் பிள்ளைகள் தொண்டை வலி மருந்து என்று நினைப்பார்கள். 'ஒரு மிடறு தண்ணீர்' என்பதில்தான் அந்தச் சொல் இன்று உயிரோடு இருக்கிறது. தெருவில் எல்லாரும் சொல்வது ஜோடிப் பாட்டு. அதையே போடலாமே.

பாடவேளை எழுதியது:

ஜோடி என்றாலே மரத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிடுவார்கள். இது அம்மா, மகள்.

தம்புரா எழுதியது:

டீச்சர், சொல்லைத் தேடுவதற்கு முன்னால் உங்கள் இரண்டாவது பாட்டை இன்னொரு முறை கேளுங்கள். கருவி தப்புச் செய்யவில்லை. டூயட் என்கிற ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியம் இருக்கிறது: இருவரும் சேர்ந்து பாடுவது, ஒருவர் பாட மற்றவர் பதில் பாடுவது. நீங்கள் பிரித்துச் சொல்லாததால் அது சேர்த்துப் பாடிவிட்டது. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதற்குக் கிராமத்தில் பழைய சொல்லே இருக்கிறது, எசப்பாட்டு. சேர்ந்து பாடுவதற்கு நீங்கள் என்ன வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் குரல் விஷயம். ஆணும் பெண்ணும் என்றால் கொஞ்சம் சுலபம். ஆண்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரையில். அங்கேயும் மெட்டு நடுவில் வந்து நின்றால் மேலே ஏறிய ஆண் குரலும் கீழே இறங்கிய பெண் குரலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும், பாதிப் பேருக்கு வித்தியாசம் பிடிபடாது. உங்களுக்கோ இரண்டும் பெண். 'பெண் குரல் 1, பெண் குரல் 2' என்று எண் போட்டால் கருவிக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. காதில் விழுகிற வேறுபாட்டை எழுத வேண்டும். அம்மாவுக்குத் தாழ்ந்த, கரகரத்த, நிதானமான குரல். மகளுக்கு உயர்ந்த, மெல்லிய, துள்ளலான குரல். அந்த வர்ணனையைப் பாணிப் பெட்டியிலும் எழுதுங்கள், ஒவ்வொரு பத்திக்கு மேலேயும் அதே சொற்களில் திரும்ப எழுதுங்கள். ஓரிடத்தில் `husky` என்றும் இன்னோர் இடத்தில் `deep` என்றும் மாற்றினால் மூன்றாவதாக ஒருத்தி வந்து சேர்வாள். எனக்கு வந்தாள்.

பாணிப் பெட்டிக்கு:

```
Tamil folk, slow, acoustic. Alternating female duet:
mother = low husky alto, calm
daughter = bright light soprano, lively
```

வரிப் பெட்டிக்கு, மாதிரிக்காகப் பத்திக்கு முதல் இரண்டு வரி மட்டும்:

```
[Verse 1: mother, low husky alto]
பஸ்ஸேறிப் போன புள்ள
பார்த்து ரெண்டு மாசமாச்சு

[Instrumental break]

[Verse 2: daughter, bright light soprano]
லீவு கேட்டேன் தரல அம்மா
தீவாளிக்கு வந்துடுறேன்
```

நடுவில் இருக்கும் இடையிசையை எடுத்துவிடாதீர்கள். ஆள் மாறுவதற்கு அந்த இடைவெளி உதவுகிறது. வரிக்கு வரி ஆளை மாற்றவும் வேண்டாம். நான்கு வரியாவது ஒருவருக்கே கொடுங்கள். இரண்டு இரண்டாக வெட்டினால் பாதி வரி ஆள் மாறிப் போகும்.

சுவடிக்காரர் எழுதியது:

எசப்பாட்டு நல்ல சொல். இசைதல், உடன்படுதல், அதிலிருந்து இசைப்பாட்டு, பேச்சில் எசப்பாட்டு. ஏற்கிறேன்.

சதுர அடைப்புக் குறிப்புக்குப் புதுச் சொல்லே தேவையில்லை. சங்கப் பாட்டின் கீழே என்ன போட்டிருக்கிறது? தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று. யார் வாய்மொழி என்று காட்டுவதுதானே அது? இங்கே பாட்டுக்கு மேலே வருகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. 'கூற்று' என்றே எழுதுங்கள். தொல்காப்பியர் செய்யுளியலில் செய்யுள் உறுப்பு முப்பத்து நான்கைச் சொல்லும்போது கூற்று, கேட்போர் இரண்டையும் சேர்த்திருக்கிறார்.

இன்னொரு உறுப்பும் உண்டு, முன்னம். பேச்சை வைத்தே இதை இவர் இவருக்குச் சொன்னார் என்று அறிவது. 'லீவு கேட்டேன் தரல அம்மா' என்ற வரியைப் பார்த்தாலே மகள் கூற்று என்று தெரிகிறதே. முன்னம் சரியாக இருந்தால் கூற்றுக் குறிப்பே வேண்டியதில்லை என்பது என் துணிபு.

நாலாம் தெரு எழுதியது:

நல்ல இழை. எனக்கும் என் மனைவிக்கும் அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணம். எங்கள் இருவர் குரலும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி ஒரு பாட்டு வேண்டும். அடைப்புக்குள் எங்கள் பெயரைப் போட்டால் போதுமா?

தம்புரா எழுதியது:

வாழ்த்துகள் ஐயா. பெயரைப் போட்டால் உங்கள் குரல் வராது. கருவி உங்களைக் கேட்டதே இல்லை. அது உங்கள் சொந்தக் குரலைப் பதிவேற்றிச் செய்கிற வேறு வேலை. பேசாமல் இரண்டு பேரும் மேடையில் நேரிலேயே பாடிவிடுங்கள்.

சுவடி ஐயா, கூற்று மிகவும் பிடித்தது. ஆனால் கருவி முன்னம் பார்க்குமா என்பது சந்தேகம்.

பாடவேளை எழுதியது:

ஐயா சொன்னதைச் சோதித்துப் பார்த்தேன். குறிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு வரிகளை மட்டும் விட்டேன். நான்கு முறை. மூன்றில் ஒருத்தியே பாடினாள், 'அம்மா' என்று தன்னையே கூப்பிட்டுக்கொண்டு. நான்காவதில் குரல் மாறியது, ஆனால் பத்தியின் நடுவில்.

பிறகு தம்புரா சொன்னபடி. முதல் இரண்டு பத்தியும் அருமை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அம்மா வேறு, மகள் வேறு. இருவரும் சேரும் பல்லவி முடிந்ததும்தான் தகராறு. மூன்றாம் பத்தி அம்மாவுக்கு எழுதியது, மகளின் குரலில் வந்தது. இரண்டு பாட்டிலும் அதே இடத்தில்.

இன்னொன்று. கையேட்டில் சொல் தமிழாக இருக்கப் போகிறதே என்று ஆசைப்பட்டு `[தாய் கூற்று]` என்று பெட்டியிலேயே எழுதினேன். குரல் மாறவில்லை. 'தாய் கூற்று' என்று ராகம் போட்டுப் பாடிவிட்டாள்.

எழுத்தாணி எழுதியது:

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். இதனால்தான் எளிமை என்று கத்துகிறேன். கூற்று என்று கையேட்டில் படிப்பவன் பெட்டியிலும் கூற்று என்றே எழுதுவான். 'குரல் டேக்' என்று போட்டுவிட்டால் ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்று தானாகப் புரியும்.

தம்புரா எழுதியது:

பல்லவிக்குப் பிறகு வழுக்குவது எனக்கும் நடப்பதுதான். சேர்ந்து பாடும்போது இரண்டு குரலும் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன, வெளியே வரும்போது ஏதோ ஒன்றுதான் வருகிறது. அதனால் பாட்டைச் சரிபார்க்கும்போது தொடக்கத்தைக் கேட்டு ஏமாறாதீர்கள், முதலில் மூன்றாம் பத்தியைக் கேளுங்கள். பல்லவியைச் சேர்ந்து பாட வைக்காமல் மகளுக்கே கொடுங்கள். அம்மாவின் பங்கை வட்ட அடைப்புக்குள் ஒரு சொல், இரண்டு சொல்லாகப் போடுங்கள், அது பின்னணியில் வரும். நம் வில்லுப்பாட்டில் பின்பாட்டு என்கிறோமே, அதுதான். வட்ட அடைப்புக்கு 'பின்பாட்டு' என்றே கையேட்டில் எழுதலாம், யாரும் சண்டை போட மாட்டார்கள்.

அப்படியும் மூன்றாம் பத்தி கெட்டால் முழுப் பாட்டையும் தூக்கிப் போடாதீர்கள். பகுதியை மட்டும் மறுபடி செய்கிற வசதி இருந்தால் அந்தப் பத்தியை மட்டும் மாற்றுங்கள். இதெல்லாம் செய்தும் சில நாள் வராது. அடைப்புக்குள் எழுதுவது கருவிக்கு ஒரு சாடைதான், கட்டளை இல்லை.

சுவடிக்காரர் எழுதியது:

கட்டளை இல்லை என்றால் அது ஏவல் அன்று, வியங்கோள்! 'பாடு' அன்று, 'பாடுக'. கேட்டால் கேட்கட்டும், கேளாவிட்டால் போகட்டும் என்ற தொனி. அப்படியானால் 'தூண்டுரை' என்ற சொல்லையே நாம் மறுபரிசீலனை...

பாடவேளை எழுதியது:

ஐயா, வேண்டாம்!

அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பில் டூயட், பக்கத்தில் எசப்பாட்டு. சதுர அடைப்புக்குக் கூற்று, வட்ட அடைப்புக்குப் பின்பாட்டு. கூற்றுக்கு எதிரே 'பெட்டிக்குள் ஆங்கிலத்தில் எழுதவும், இல்லாவிட்டால் பாடிவிடும்' என்று தடித்த எழுத்தில். பல்லவியை மகளுக்குக் கொடுத்ததும் ஆறாவது முயற்சியில் அம்மாவின் மூன்றாம் பத்தி அம்மாவுக்கே வந்தது.

எழுத்தாணி எழுதியது:

சரி, தோற்றேன். ஆனால் சனிக்கிழமை மாணவர்கள் வாயில் எந்தச் சொல் வருகிறது என்று எண்ணிச் சொல்லுங்கள். டேக் என்றுதான் சொல்வார்கள்.

சுவடிக்காரர் எழுதியது:

இருமிடற்றை அடிக்குறிப்பிலாவது சேர்த்திருக்கலாம்.

நாலாம் தெரு எழுதியது:

மனைவி மேடையில் பாடச் சம்மதித்துவிட்டாள். இரண்டு பேருக்கும் சேர்த்து எத்தனை கட்டை வைப்பது?